மூன்று பகடையும் ஒரு நோட்டும்: கடைக்காரருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

ஆறு கட்டம் போட்ட பலகை. கட்டங்களில் 1 முதல் 6 வரை எண்கள். பிடித்த எண்ணின் மேல் ஒரு டோக்கன் வைக்க வேண்டும். கடைக்காரர் மூன்று பகடைகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி உருட்டுவார். நாம் வைத்த எண் ஒரு பகடையில் விழுந்தால் வைத்த டோக்கன் திரும்பி வரும், கூடவே ஒன்று கிடைக்கும். இரண்டு பகடையில் விழுந்தால் இரண்டு கிடைக்கும், மூன்றிலும் விழுந்தால் மூன்று. எதிலும் விழவில்லை என்றால் வைத்தது அவருக்கு. திருவிழாக் கடைகளில் இந்த ஆட்டத்தைப் பல பெயர்களில் பார்த்திருப்பீர்கள். சூதாட்ட மேசைகளில் இதற்கு சக்-எ-லக் என்று பெயர்.

என் சித்தி மகன் கதிர் கல்லூரி முதலாம் ஆண்டு. பலகையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "அக்கா, இந்த ஆளுக்குக் கணக்கு தெரியல" என்றான்.

அவன் கணக்கு இதுதான். ஒரு பகடையில் 4 விழ ஆறில் ஒரு வாய்ப்பு. மூன்று பகடை என்றால் ஆறில் மூன்று, அதாவது சரி பாதி. பாதி முறை நமக்கு ஒன்று வரும், பாதி முறை ஒன்று போகும். இதுவரை யாருக்கும் லாபமில்லை, நஷ்டமில்லை. இதற்கு மேல் இரட்டை விழுந்தால் இரண்டு கொடுக்கிறார், மூன்றும் விழுந்தால் மூன்று கொடுக்கிறார். அந்த உபரி முழுக்க நமக்குத்தானே? அப்படியானால் ஆட்டம் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பலகையைச் சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் இதே கணக்கை மனதில் போட்டுக்கொண்டுதான் டோக்கன் வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. ஆனால் வருடா வருடம் கடை போடுகிற ஒருவர் தனக்கு நஷ்டம் தரும் ஆட்டத்தையா நடத்திக்கொண்டிருப்பார்? கதிருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. உடனே, "அப்படின்னா பகடையில ஏதோ வேலை பண்ணியிருக்கார்" என்றான்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. ஆட்டத்தின் விதி அவருக்குச் சாதகமா என்பது ஒன்று. அவருடைய பகடை யோக்கியமானதா என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் எதற்கும் பதில் கிடைக்காது. கடையில் நின்று ஆடித் தோற்றால், தோற்றது விதியாலா பகடையாலா என்று எப்படித் தெரியும்? அதனால் முதலில் நம் பகடையை வைத்து அவருடைய விதியைச் சோதிப்போம் என்று முடிவு செய்தோம். பகடை நம்முடையதாக இருந்தும் நஷ்டம் வந்தால் குற்றவாளி விதிதான்.

வீட்டில் சாதாரண பிளாஸ்டிக் பகடைகள் மூன்று இருந்தன. உருட்டுவதற்கு முன்பே சில விஷயங்களைப் பேசி வைத்துக்கொண்டோம். கையால் போடக்கூடாது, டம்ளரில் குலுக்கித்தான் போட வேண்டும். அட்டைப் பெட்டியின் உள்சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும். ஒரு பகடை சுவரில் சாய்ந்து நின்றால் மூன்றையும் மறுபடி போட வேண்டும், அந்த ஒன்றை மட்டும் தட்டிவிடக் கூடாது. இதையெல்லாம் முன்கூட்டியே பேசியதற்குக் காரணம் உண்டு. உருட்டிய பிறகு விதி பேச ஆரம்பித்தால், நமக்குப் பிடிக்காத எண் விழும்போதெல்லாம் "அது சரியா விழல, மறுபடி போடு" என்று வாய் தானாகச் சொல்லும்.

நோட்டில் எதை எழுதுவது என்பதில்தான் ஒரு வாக்குவாதம். கதிர் 4 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தான். ஒவ்வொரு முறையும் லாபமா நஷ்டமா என்று மட்டும் குறித்தால் போதும், கூட்டிப் பார்த்துவிடலாம் என்றான். நான் மூன்று எண்களையும் அப்படியே எழுதச் சொன்னேன்: 4-4-2, 1-5-6 என்று. கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் லாப நஷ்டம் மட்டும் எழுதிய நோட்டிடம் வேறு எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. விழுந்ததை விழுந்தபடி எழுதி வைத்தால் பிறகு தோன்றும் கேள்வியையும் அதனிடமே கேட்கலாம். அன்று எங்களைக் காப்பாற்றியது இந்த ஒரு பழக்கம்தான்.

மொத்தம் 100 உருட்டல்கள். கதிரின் 4-க்கு வந்த கணக்கு: 54 முறை விழவே இல்லை, 38 முறை ஒரு பகடையில் விழுந்தது, 7 முறை இரண்டில், ஒரே ஒரு முறை மூன்றிலும். போனது 54 டோக்கன். வந்தது 38, அதோடு இரட்டைக்கு 14, மூன்றுக்கு 3, ஆகமொத்தம் 55. கையில் நிகரமாக ஒரு டோக்கன் லாபம்.

"பாத்தியாக்கா?" என்று எழுந்தே நின்றுவிட்டான்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் சோதனையை நிறுத்துவார்கள். நூறு முறை என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. கையும் வலித்துவிடும். ஆனால் ஒரே எண்ணில் ஒவ்வொரு டோக்கனாக நூறு முறை வைக்கும்போது, வெறும் அதிர்ஷ்டத்தாலேயே முடிவு சுமார் 11 டோக்கன் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சர்வசாதாரணம். இந்த ஆட்டத்தில் நூறு முறைக்கு எதிர்பார்க்க வேண்டிய நஷ்டமே சுமார் 8 டோக்கன்தான், அது எப்படி என்று கீழே வருகிறேன். அதிர்ஷ்டத்தின் ஊசலாட்டம் 11, கண்டுபிடிக்க வேண்டிய சாய்வு 8. கூச்சல் நடுவே கிசுகிசுப்பைக் கேட்பது போலத்தான். இதே கடையில் நூறு முறை ஆடுபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நஷ்டமில்லாமல் வீடு திரும்புவார். அவர் அடுத்த நாள் நான்கு பேரிடம் சொல்லுவார். கடைக்காரருக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு வேண்டுமா?

ஒரே எண்ணில் வைத்துப் பார்த்துச் சாய்வு இருக்கிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல 800 உருட்டல்களாவது வேண்டும். அதற்கு எங்களுக்குப் பொறுமையும் இல்லை, தேவையும் இல்லை. பகடையை மறுபடி தொடாமல், எழுதிய அதே நோட்டை வேறு விதமாகப் படித்தோம்.

கதிர் ஒருவன் 4-ல் வைத்தான் என்று நினைப்பதற்குப் பதிலாக, ஆறு பேர் ஆறு கட்டத்திலும் ஆளுக்கு ஒரு டோக்கன் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நிற்கும் இடத்திலிருந்து பலகை ஏறத்தாழ அப்படித்தான் தெரியும். அவருக்குக் கதிர் என்று ஒரு ஆள் கிடையாது, ஆறு கட்டங்கள்தான் உண்டு.

மூன்று பகடையும் வேறு வேறு எண் காட்டினால், உதாரணத்துக்கு 1-5-6 விழுந்தால், 1, 5, 6-ல் வைத்த மூவருக்கும் ஆளுக்கு ஒன்று தர வேண்டும். 2, 3, 4-ல் வைத்தவர்களின் மூன்று டோக்கன் அவருக்கு வருகிறது. மூன்றை வாங்கி மூன்றைக் கொடுக்கிறார். அவர் கையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

4-4-2 விழுந்தால்? 4-ல் வைத்தவருக்கு இரண்டு, 2-ல் வைத்தவருக்கு ஒன்று, மொத்தம் மூன்று கொடுக்கிறார். ஆனால் தோற்றவர்கள் இப்போது மூவர் அல்ல, நால்வர். நான்கு வாங்கி மூன்று கொடுத்து ஒன்றைப் பையில் போட்டுக்கொள்கிறார். 4-4-4 விழுந்தால் ஒருவருக்கு மூன்று கொடுக்கிறார், ஐந்து பேரிடம் வாங்குகிறார். மிச்சம் இரண்டு.

கதிர் இதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. இரட்டை விழும்போதுதான் கடைக்காரர் தாராளமாக அள்ளிக் கொடுக்கிறார் என்று அவன் நினைத்திருந்தான். நிஜத்தில் இரட்டையோ மூன்றும் ஒன்றாகவோ விழும்போது மட்டும்தான் அவர் சம்பாதிக்கிறார். இரட்டை அடித்தவரின் சத்தத்தில், மற்ற கட்டங்களில் வழக்கத்தைவிட ஒருவர் கூடுதலாகத் தோற்றதை யாரும் கவனிப்பதில்லை.

நோட்டை எடுத்து எண்ணினோம். 100 உருட்டல்களில் மூன்றும் வேறு வேறாக விழுந்தது 53. இரட்டை 44. மூன்றும் ஒன்றாக விழுந்தது 3. ஆறு பேர் கணக்கில் கடைக்காரருக்கு 44, அதோடு மும்மூன்றுக்கு 6, மொத்தம் 50 டோக்கன் மிச்சம். கதிரின் 4 ஒரு டோக்கன் லாபத்தில் இருந்ததல்லவா, மற்ற ஐந்து எண்களும் சேர்ந்து 51 நஷ்டம். அவன் தேர்ந்தெடுத்த எண் அன்று கொஞ்சம் நன்றாக விழுந்தது, அவ்வளவுதான். 3-ல் வைத்திருந்தால் முகம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்தப் படிப்பு ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றால், ஆறு கட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது எந்த எண் விழுகிறது என்ற அதிர்ஷ்டம் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது எண்கள் திரும்ப விழுகின்றனவா இல்லையா என்பது மட்டும்தான். கடைக்காரருக்கு வருவது பூஜ்யம், ஒன்று, அல்லது இரண்டு. அவர் தோற்கும் உருட்டல் என்று ஒன்று இல்லவே இல்லை. விதி யார் பக்கம் என்று தெரிந்துகொள்ள உண்மையில் பகடையே தேவையில்லை. பகடையை உருட்டியது எவ்வளவு சாய்வு என்று அளக்கத்தான்.

அந்த அளவைக் காகிதத்திலும் போட்டுப் பார்க்கலாம். மூன்று பகடைகள் விழக்கூடிய விதங்கள் 6 × 6 × 6, அதாவது 216. எல்லாம் வேறு வேறாக விழுவது 6 × 5 × 4 = 120 விதம். மூன்றும் ஒன்றாக 6 விதம். மீதி 90 விதம் இரட்டை. ஆக 216 உருட்டலுக்கு கடைக்காரருக்கு 90 + 12 = 102 டோக்கன். பலகையில் வைக்கப்பட்டவை 216 × 6 = 1296. வைக்கும் ஒவ்வொரு நூறு டோக்கனுக்கும் ஏறக்குறைய எட்டு அவரிடம் தங்குகிறது. எங்கள் நோட்டில் 600 வைத்ததற்கு 50 தங்கியது, அதுவும் நூற்றுக்கு எட்டேகால் அளவுதான்.

"சரிக்கா, ஆனா என் பாதிக் கணக்குல எது தப்பு?" என்று விடாமல் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் அவன் கணக்கு முழுக்கத் தப்பில்லை. 216 விதங்களையும் வரிசையாக எழுதி வைத்தால் அதில் 4 என்ற எண் மொத்தம் 108 இடத்தில் வரும். 216-ல் 108, அவன் சொன்ன அதே பாதி. ஆனால் அந்த 108 நான்குகளும் 108 உருட்டல்களில் ஆளுக்கொன்றாகப் பரவி இருக்கவில்லை. 75 உருட்டல்களில் ஒன்றாகவும், 15-ல் இரண்டிரண்டாகவும், ஒன்றில் மூன்றாகவும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. 4 எட்டிப் பார்த்த உருட்டல்கள் 91 மட்டும். எட்டியே பார்க்காதவை 125.

இப்போது கடைக்காரர் கொடுப்பதைக் கூட்டிப் பாருங்கள். 75, அதோடு இரட்டைக்கு 30, மூன்றுக்கு 3. மொத்தம் 108. அதாவது எண் எத்தனை முறை தலைகாட்டியதோ அத்தனை டோக்கன். கதிர் உபரி என்று நினைத்தது உபரியே அல்ல, அவனுடைய பாதிக்குள் ஏற்கெனவே எண்ணப்பட்டதுதான். இரட்டையை ஒருமுறை பாதியில் சேர்த்துவிட்டு, மறுபடி போனஸாகவும் சேர்த்திருக்கிறான். வந்தது 108, போனது 125. இடைவெளி 17, நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு. ஆறு பேர் கணக்கில் வந்த அதே எட்டு.

இனி இரண்டாவது கேள்வி. அவர் பகடை யோக்கியமானதா?

விதியிலேயே எட்டு சதவீதம் உட்கார்ந்திருக்கும்போது பகடையில் கை வைக்க அவருக்குக் காரணம் குறைவு. ஒரு எண் அடிக்கடி விழுகிறது என்று கூட்டம் கண்டுபிடித்துவிட்டால் எல்லோரும் அதிலேயே வைப்பார்கள், அவர்தான் கடையை மூட வேண்டியிருக்கும். ஆனாலும் "காரணம் குறைவு" என்பது ஆதாரம் ஆகாது. திருவிழா முடிவதற்குள் பலகை அருகே நின்று 200 உருட்டல்களைக் குறித்துக்கொண்டோம். கதிர் எண்களைச் சொல்லுவான், நான் போனில் தட்டுவேன். நாங்கள் டோக்கன் வைக்கவில்லை. வைத்திருந்தால் நாங்கள் ஜெயித்த உருட்டலை மறக்காமல் குறித்து, தோற்றதை விட்டிருப்போம். தொடர்ந்து குறிப்பதும் முக்கியம். சுவாரசியமாக விழும்போது மட்டும் குறித்தால் அந்தப் பட்டியல் குப்பை.

200 உருட்டல், 600 முகங்கள். பகடை சரியாக இருந்தால் ஒவ்வொரு எண்ணும் சுமார் 100 முறை வர வேண்டும். அதிர்ஷ்டத்தால் 82 முதல் 118 வரை இருப்பது இயல்பு. எங்களுக்கு வந்தது 1 முதல் 6 வரை வரிசையாக 91, 108, 97, 113, 95, 96. 4 கொஞ்சம் தூக்கலாக இருந்ததும் கதிர் துள்ளினான். 113 என்பது எல்லைக்குள்தான். ஆறு எண்களில் எது ஓங்கினாலும் நாம் அதைத்தான் சுட்டிக்காட்டியிருப்போம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதனால் தனியாக ஒரு எண்ணைப் பார்க்காமல் ஆறையும் சேர்த்து எடைபோடும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் 100-லிருந்து எவ்வளவு விலகியதோ அதை வர்க்கப்படுத்தி, 100-ஆல் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுவது. எங்கள் விலகல்கள் 9, 8, 3, 13, 5, 4. வர்க்கங்களின் கூட்டல் 364, வகுத்தால் 3.64. யோக்கியமான பகடையில் இந்த எண் 11.07-ஐத் தாண்டுவது இருபதில் ஒரு முறைதான். 3.64 என்றால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கை-வர்க்கச் சோதனை என்று புள்ளியியலில் சொல்வது இதைத்தான். கார்ல் பியர்சன் 1900-ல் இதை வெளியிட்டபோது அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்றே பகடைதான். வெல்டன் என்பவர் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிக் குறித்து வைத்திருந்தார். அவருடைய பகடைகளில் 5 அல்லது 6 விழுந்தது மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது 0.3333-க்குப் பதிலாக, 0.3377. அவ்வளவு மெல்லிய சாய்வைப் பிடிக்க மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட முகங்கள் தேவைப்பட்டன. எங்கள் 600 முகங்களுக்கு அதெல்லாம் கண்ணில் படவே படாது.

எதைப் பிடிக்கும் என்றால், பெரிய மோசடியைப் பிடிக்கும். மூன்று பகடைகளுமே 6-க்குச் சாதகமாகப் பலமாகச் சாய்ந்து, ஆறில் ஒன்றுக்குப் பதில் நான்கில் ஒருமுறை 6 காட்டினால் எண்ணிக்கை 150-ஐ ஒட்டி வரும். மறைக்கவே முடியாது. ஆனால் மூன்றில் ஒரே ஒரு பகடை மட்டும் அப்படி இருந்தால் எண்ணிக்கை 117-ஐ ஒட்டித்தான் நிற்கும், 82–118 எல்லைக்குள் ஒளிந்துகொள்ளும். மூன்று பகடைகளும் ஒரே நிறமாக இருந்ததால் தனித்தனியாகக் குறிக்க எங்களால் முடியவில்லை. வேறு வேறு நிறம் என்றால் மூன்று பட்டியல் போடுங்கள், பிடித்துவிடலாம். நடுவில் பகடையை மாற்றினால் எந்தப் பட்டியலாலும் பயனில்லை, அதற்குக் கையைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் அதே பட்டியலில் பார்த்தோம். அவருக்கு லாபம் தருவது எண்கள் திரும்ப விழுவதுதானே? மூன்று பகடையையும் ஒரே எண் பக்கம் சாய்த்தால் இரட்டைகள் கூடும். 200 உருட்டலில் இரட்டையும் மும்மூன்றும் சேர்ந்து 89 அளவில் வர வேண்டும். எங்களுக்கு 86 இரட்டை, 5 மும்மூன்று, ஆக 91. சுத்தம்.

எண்ணாமலே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. வழக்கமான பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7 வரும்: 1-க்கு எதிரே 6, 2-க்கு எதிரே 5, 3-க்கு எதிரே 4. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஆகவே கீழே கிடக்கும் ஒரு பகடையில் 1-ம் 6-ம் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டால், அல்லது ஒரே எண் இரண்டு முறை தெரிந்தால், அது வழக்கமான பகடை இல்லை. எதிர்ப் பக்கங்களில் ஒரே எண்ணை அடித்து ஏமாற்றும் பகடைகள் உண்டு. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் மூன்று பக்கம்தான் தெரியும் என்பதால் அவை எளிதில் மாட்டாது. ஒரே பகடையைச் சில உருட்டல்கள் தொடர்ந்து கவனித்தால்தான் ஏதோ ஒரு எண் வரவே இல்லை என்பது உறைக்கும்.

நாங்கள் குறித்துக்கொண்டே நிற்பதைக் கடைக்காரர் முன்பே பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. கூட்டம் குறைந்தபோது அவரே, "என்ன தம்பி, கணக்கு வந்துச்சா?" என்றார். கதிர் சங்கோஜமே இல்லாமல், "அண்ணே, இரட்டைக்கு மூணு, மும்மூணுக்கு அஞ்சு குடுங்க, அப்ப ஆட்டம் சமமாயிடும்" என்றான். அவன் சொன்னது சரிதான். ஆறு பேர் கணக்கில் இரட்டை விழுந்தால் நால்வரிடம் வாங்கி மூன்றும் ஒன்றுமாக நான்கு கொடுப்பார். மும்மூன்று விழுந்தால் ஐவரிடம் வாங்கி ஐந்து கொடுப்பார். எந்த உருட்டலிலும் மிச்சம் வராது.

அவர் சிரித்துவிட்டார். "கடை வாடகையை நீ குடுப்பியா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துப் பலகையைக் காட்டினார். "இது வேண்டாம்னா அது ஆடுங்க. ஏழு விழுந்தா ஒண்ணுக்கு அஞ்சு."

அந்த ஆட்டத்தில் இரண்டு பகடைகள். கூட்டுத்தொகை ஏழுக்குக் கீழே, ஏழுக்கு மேலே, சரியாக ஏழு என்று மூன்று கட்டம். கீழேயோ மேலேயோ வைத்து ஜெயித்தால், வைத்ததையும் சேர்த்து ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பும். ஏழில் வைத்து ஜெயித்தால் ஒன்றுக்கு ஐந்தாகத் திரும்பும்.

நோட்டை எடுக்கப் போனேன். கதிர் கையைப் பிடித்து நிறுத்தினான். எது விழுந்தாலும் ஒரே தொகை திரும்புகிற மாதிரி எல்லாக் கட்டத்திலும் வைத்துப் பார்க்கலாம் என்றான். கீழே ஐந்து, மேலே ஐந்து, ஏழில் இரண்டு. கீழே விழுந்தால் திரும்புவது பத்து, மேலே விழுந்தால் பத்து, ஏழு விழுந்தால் இரண்டைந்து பத்து. வைத்தது பன்னிரண்டு. எது விழுந்தாலும் பன்னிரண்டுக்குப் பத்துதான், பகடை எப்படிப்பட்டதாக இருந்தாலும் சரி. நூற்றுக்கு ஏறக்குறைய பதினேழு கடைக்காரருக்கு.

"அக்கா," என்றான், "முதல் பலகையே பரவாயில்ல."